தேவைப்பட்டால்

இரவு டியூட்டி முடித்துவிட்டுக் காலை அணிக்கு நான் எழுதி வைத்த ஒரு வரி, வருடங்கள் கழித்தும் எழுத்துக்கு எழுத்து நினைவில் இருக்கிறது. "படுக்கை 14, பிரசவத்துக்குப் பின் தலைவலி, ப்ளெயின் சிடி மூளை: ரத்தக் கசிவு இல்லை. வலது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் சற்று அடர்த்தி. தேவைப்பட்டால் வெனோகிராம்." அவ்வளவுதான். அன்றைய குறிப்பில் மொத்தம் 14 பேர். இந்த வரி ஒன்பதாவது. அதில் பொய் எதுவும் இல்லை, எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனாலும் அந்தக் கடைசி வாக்கியத்தின் முதல் சொல்லை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அப்போது நான் கதிரியக்கத் துறையில் இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட். அந்தப் பெண்ணுக்கு 27 வயது, சிசேரியன் முடிந்து 11 நாள். ஏழாம் நாளிலிருந்து தலைவலி. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்துச் செய்த அறுவை என்பதால், அந்த ஊசியால் வந்த தலைவலியாக இருக்கும் என்று வார்டில் முடிவு கட்டியிருந்தார்கள். வலி மாத்திரைக்கு அடங்காததால், எதற்கும் ஒருமுறை ரத்தக் கசிவு இல்லையென்று பார்த்துவிடலாம் என்று இரவு 3:20க்கு ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். கோரிக்கைத் தாளில் இருந்த கேள்வி அது ஒன்றுதான். ரத்தக் கசிவு உண்டா, இல்லையா. படத்தை ஓட்டிப் பார்த்தேன், இல்லை. போன் செய்து "கசிவு இல்ல டாக்டர்" என்று சொன்னேன். மறுமுனையில் நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று.

போனை வைத்த பிறகுதான் கண் அந்த இடத்தில் நின்றது.

## வெள்ளைக்குப் பக்கத்தில் வெள்ளை

சைனஸ் என்றதும் மூக்கடைப்பு ஞாபகம் வரும். இது வேறு. மூளையிலிருந்து அசுத்த ரத்தத்தைத் திரட்டிக் கழுத்துக்கு இறக்கிவிடும் பெரிய சிரைக் கால்வாய்களுக்கும் சைனஸ் என்றுதான் பெயர். தலையின் பின்பக்கம், மண்டையோட்டின் உட்சுவரை ஒட்டி, இடமும் வலமுமாகப் படுத்திருப்பவை டிரான்ஸ்வர்ஸ் சைனஸ்கள். காதுக்குப் பின்னால் அவை வளைந்து கீழே இறங்கும் பகுதி சிக்மாய்டு. இவற்றில் ரத்தம் உறைந்துவிட்டால் மூளைக்குள் வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்கும். மூளை வீங்கும், அப்புறம் கசியும். கர்ப்ப காலத்திலும் பிரசவம் முடிந்த முதல் ஆறு வாரங்களிலும் உடம்பு ரத்தத்தை உறைய வைக்கவே முனைப்பாக இருக்கும். பிரசவத்தில் ரத்தம் போய்விடாமல் காக்கிற அதே ஏற்பாடுதான் சிலருக்கு இங்கே வந்து வம்பாகிறது.

மூளைக்கென்று நாங்கள் திரையில் வழக்கமாக வைக்கும் விண்டோ 80, நடுப்புள்ளி 40. அதாவது 0 முதல் 80 வரையிலான அடர்த்திகளுக்குள்தான் கறுப்பிலிருந்து வெள்ளை வரை எல்லாச் சாம்பல் நிறங்களும் பங்கு பிரியும். அதற்கு மேலே உள்ளதெல்லாம் ஒரே வெள்ளை. சிடியில் அடர்த்தியை அளக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலில் தண்ணீர் 0. சிரையில் ஓடும் சாதாரண ரத்தம் 50ஐ ஒட்டி இருக்கும். உறைந்த ரத்தம் சுருங்கித் தன்னிடமுள்ள நீரைப் பிழிந்து தள்ளுவதால் 70, 80 என்று ஏறும். எலும்போ பல நூறு. ஆக, வழக்கமான விண்டோவில் உறைகட்டி ஏறக்குறைய வெள்ளை, பக்கத்தில் எலும்பு முழு வெள்ளை. கட்டி எலும்போடு எலும்பாக ஒளிந்துகொள்ளும். விண்டோவை 200க்கு விரித்தால்தான் இரண்டும் பிரியும். அன்று விரித்தேன். எலும்பின் உள்விளிம்பில் தனியாக ஒரு பட்டை தெரிந்தது. 1 மில்லிமீட்டர் கரோனல் படங்களில், முகத்துக்கு இணையாக வெட்டிப் பார்க்கும் கோணத்தில், வலப்பக்கம் குண்டாக ஒரு வெள்ளை முக்கோணம். இடப்பக்கம் அதே இடத்தில் மங்கலான சாம்பல்.

சின்ன வட்டம் போட்டு அளந்தேன். வலது 74, இடது 52.

இங்கேதான் ஏமாற நிறைய வாய்ப்பு இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். வலது சைனஸ் பெரிதாகவும் இடது சிறிதாகவும் இருப்பது பல பேருக்குப் பிறவியிலேயே உள்ள அமைப்பு, அளவு வித்தியாசத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. பக்கத்து எலும்பின் நிழல் விழுந்து எண் கூடிக் காட்டலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, சிடியில் ரத்தம் வெள்ளையாகத் தெரிவதற்குப் பெரும் காரணம் அதிலுள்ள ஹீமோகுளோபின் என்ற புரதம். உடம்பில் நீர் வற்றி ரத்தம் கெட்டியாகியிருந்தால் எந்த அடைப்பும் இல்லாமலே சைனஸ் 70ஐத் தொடும். ரத்தசோகை உள்ளவருக்கு நேர்மாறு, உறைகட்டியே சாதாரண ரத்தம் போலத் தெரியும். அதனால் 74 என்ற எண்ணை அப்படியே படிக்கக் கூடாது, நோயாளியின் ஹீமட்டோக்ரிட்டால், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற எண்ணால், வகுத்துப் படிக்க வேண்டும். சாதாரணமாக அந்த விகிதம் ஒன்றரையை ஒட்டியோ அதற்குக் கீழேயோ நிற்கும். 2ஐத் தொட்டால் உறைவு என்றே சந்தேகப்பட வேண்டும். இடையில் ஒரு சாம்பல் பிரதேசம் உண்டு, அங்கே இந்தக் கணக்கு கைகொடுக்காது.

அந்தப் பெண்ணின் ஹீமட்டோக்ரிட் 36. முந்தைய நாள் காலையிலேயே எடுத்த ரத்தப் பரிசோதனை, கம்ப்யூட்டரில் இருந்தது. வலது 74ஐ 36ஆல் வகுத்தால் 2.06. இடது 52ஐ வகுத்தால் 1.44. ரத்தம் கெட்டியாகி இருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்துதானே ஏற வேண்டும்? ஒரே ஆள், ஒரே ரத்தம், ஒரு பக்கம் மட்டும் வெள்ளை.

இந்தக் கணக்கை நான் அன்று இரவே போட்டேன். போடாமல் விட்டிருந்தால் அறியாமை என்று சொல்லித் தப்பிக்கலாம். போட்டேன், மனசுக்குள் பகீரென்றது, திரும்ப வார்டுக்குப் போன் செய்தேன். மணி 4:05. சந்தேகம் இருக்கிறது, கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி, சிரைகளைப் படம் பிடிக்கும் வெனோகிராம் எடுக்கலாம் என்றேன். டியூட்டி டாக்டர் தயங்கினார். "குழந்தைக்குப் பால் குடுக்கறாங்க டாக்டர், கிட்னி டெஸ்ட், கிரியாட்டினினும் வரல. காலையில மேடம் வந்து முடிவு பண்ணட்டுமா?" எனக்கு அப்போது விபத்தில் அடிபட்ட இருவர் ஸ்கேன் வாசலில் காத்திருந்தார்கள். "சரி, காலையில பாருங்க" என்றேன்.

அந்தச் "சரி"தான் குறிப்பில் "தேவைப்பட்டால்" என்று ஆனது.

## எல்லோரும் படித்த வரி

காலை 8 மணிக்கு ரிப்போர்ட்டிங் அறையில் குறிப்பை ஒப்படைத்தேன். விபத்துக் கேஸ்களைப் பற்றித்தான் வாயால் அதிகம் பேசினேன். ஒன்பதாவது வரி வந்தபோது "கசிவு இல்ல, சைனஸ் கொஞ்சம் டென்ஸ்" என்று சொல்லிப் பத்தாவதுக்குப் போய்விட்டேன். காலை அணியில் இருந்தவர் என் வார்த்தைகளையே எடுத்து இறுதி ரிப்போர்ட்டில் வைத்தார். வார்டில் அதைப் படித்தார்கள். கசிவு இல்லை என்பது நல்ல செய்தி. வெனோகிராம் தேவை என்றால் ஸ்கேன்காரர்களே கூப்பிட்டிருப்பார்கள் என்று வார்டு நினைத்தது. தேவை என்றால் வார்டு கேட்டு அனுப்பும் என்று ரிப்போர்ட்டிங் அறை நினைத்தது. யாரும் சோம்பேறித்தனமாக இருந்துவிடவில்லை. அந்த வரியைப் படித்த ஒவ்வொருவரும், முடிவெடுக்க வேண்டியவர் வேறு ஒருவர் என்று நியாயமாகவே புரிந்துகொண்டார்கள். எழுதியது அப்படித்தான் இருந்தது.

பகல் 1:10க்கு அவருக்கு வலிப்பு வந்தது. 1:50க்கு வெனோகிராம். கான்ட்ராஸ்ட் சிரைகளை நிரப்பும் நேரத்துக்காக, ஊசி போட்டு முக்கால் நிமிடம் போலக் காத்திருந்து எடுக்கும் படம் அது. எல்லாக் கால்வாய்களும் பளிச்சென்று நிறைந்திருக்க, வலது டிரான்ஸ்வர்ஸும் சிக்மாய்டும் மட்டும் நிறையவே இல்லை. இரவில் இல்லாத ஒன்றும் இப்போது இருந்தது. வலது டெம்போரல் மடலில் வீக்கம், அதன் நடுவே ரத்தக் கசிவு. வடிய வழியில்லாமல் தேங்கிய ரத்தம் திசுவைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் இடையே பத்தரை மணி நேரம்.

உடனே ஹெபரின் தொடங்கினார்கள். மூளையில் கசிவு இருக்கும்போது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தா என்று முதலில் கேட்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். இந்த நோயில் கசிவு வருவதே அடைப்பால்தான் என்பதால் அடைப்புக்குத்தான் வைத்தியம். அவர் பிழைத்தார். கொஞ்ச நாளில் நடந்து வீட்டுக்குப் போனார். அதனால்தான் இதை என்னால் எழுத முடிகிறது.

அன்று மாலை தூங்காமல் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வார்டில் கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். இரவு 1 மணிக்கு நர்ஸ் எழுதிய ஒரு வரி இருந்தது: "படுத்தால் வலி அதிகம் என்கிறார், உட்கார்ந்தே இருக்கிறார்." முதுகு ஊசியால் வரும் தலைவலி இதற்கு நேர் எதிர். எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும், படுத்தால் அடங்கும். பெரும்பாலும் முதல் ஐந்து நாளுக்குள் தொடங்கிவிடும். ஏழாம் நாள் தொடங்கி, படுத்தால் கூடுகிற வலி என்றால் தலைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பொருள். நான் இரண்டு முறை போன் செய்தேன். இரண்டில் ஒரு முறை "படுத்தா கூடுதா, குறையுதா?" என்று கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு வரியும் என்னுடைய 2.06ம் இரண்டு வேறு தாள்களில், இரண்டு வேறு கட்டடங்களில், ஒன்றையொன்று தெரியாமல் கிடந்தன.

## பத்துப் பேரில் எத்தனை பேர்

சீனியர் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். திரையில் இரவு 3:20 படம், மேசையில் என் குறிப்பு. "இதே வயசு, இதே கதை, இதே சைனஸ், பத்துப் பேர் வந்தாங்கன்னு வச்சுக்கோ. எத்தனை பேருக்கு அடைப்பு இருக்கும்னு நேத்து ராத்திரி நினைச்சே?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். "ஆறு பேர், மேடம்." குறிப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். "இதைப் படிச்சா எத்தனை பேர்னு தோணுது?"

ஒருவர்கூட இல்லை என்றுதான் தோன்றியது. "சற்று" என்பது ஒரு தடவை குறைத்தது, "தேவைப்பட்டால்" மிச்சத்தையும் தின்றுவிட்டது. எனக்குள் பத்தில் ஆறாக இருந்த சந்தேகம், தாளுக்கு வரும்போது ஒரு சம்பிரதாய வாக்கியமாகிவிட்டது. தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் நான் சொல்லை மெலிதாக்கினேன். வெனோகிராம் எடுத்து ஒன்றுமில்லை என்று வந்தால், ராத்திரி முழுக்க எல்லோரையும் அலைக்கழித்தவன் என்று பெயர் வருமே என்ற பயம். அந்த மெலிந்த சொல் எனக்குக் குடை பிடித்தது. நனைந்தது அவர்.

"அந்த ஆறை ஏன் எழுதல?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, அதே வரியை மறுபடி எழுதச் சொன்னார். மூன்று முறை எழுதினேன். மூன்றாவது இது:

> படுக்கை 14. 27 வயது, சிசேரியன் முடிந்து 11 நாள். 7ஆம் நாளிலிருந்து தலைவலி, படுத்தால் கூடுகிறது. ப்ளெயின் சிடி, 3:20. கசிவு இல்லை. வலது டிரான்ஸ்வர்ஸ், சிக்மாய்டு 74, இடது 52. ஹீமட்டோக்ரிட் 36. கரோனல் 1 மி.மீ., படம் 112 முதல் 126 வரை, விண்டோவை விரித்துப் பார்க்கவும். சிரை அடைப்பு என்று சந்தேகம், பத்தில் ஆறு. வெனோகிராம் எடுக்கவில்லை. கிரியாட்டினின் 4 மணிக்குப் போனது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. வார்டு டியூட்டி டாக்டரிடம் 4:05க்குப் பேசினேன். காலை அணி 8:30க்குள் எடுக்க வேண்டும், எடுத்த பிறகே இந்த வரியை அடிக்கவும்.

இது முன்னதைவிடப் பல மடங்கு நீளம். 14 பேருக்கும் இப்படி எழுத முடியாது, எழுதவும் கூடாது. எழுதினால் எதுவுமே கண்ணில் படாது. மேடம் அதற்கும் வழி சொன்னார்: முடிந்துபோன கேஸ்களுக்கு ஒரு வரி போதும், முடியாததை மேலே தூக்கி முதல் இடத்தில் வை. நான் ஸ்கேன் எடுத்த நேர வரிசையில் எழுதியிருந்தேன். காலையில் படிப்பவருக்கு அந்த வரிசையால் ஒரு பயனும் இல்லை.

படத்தின் எண்ணைக் கொடுப்பது சின்ன விஷயமாகத் தோன்றும். ஒரு மூளை சிடியில் மெல்லிய படங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. "வலது சைனஸ் அடர்த்தி" என்று மட்டும் படிப்பவர் வழக்கமான விண்டோவில், வழக்கமான கோணத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார், எலும்போடு ஒட்டிய வெள்ளையைப் பார்த்து "இது எலும்பு நிழல்தான்" என்று கடந்து போவார். நான் 4 மணிக்குப் பார்த்ததை அவரும் பார்க்க வேண்டுமென்றால், நான் நின்ற இடத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஹீமட்டோக்ரிட்டை எழுதியதும் அதற்காகத்தான். "ரத்தம் கெட்டியா இருக்கும்ப்பா" என்ற, அனுபவசாலிகளுக்கு முதலில் தோன்றும் நியாயமான மறுப்புக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

தாய்ப்பால் பற்றிய வரி எனக்குத்தான் அதிகம் வலித்தது. இரவில் வெனோகிராம் தள்ளிப்போக உண்மையான காரணங்களில் ஒன்று அது. அதற்கான பதில் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. செலுத்தும் அயோடின் கான்ட்ராஸ்டில் நூற்றில் ஒரு பங்குகூடப் பாலுக்குப் போவதில்லை. போகிற துளியிலும் குழந்தையின் குடல் உறிஞ்சுவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எனக்கு அரைகுறையாகத் தெரியும், உறுதியாகச் சொல்லத் துணிவில்லை, திறந்து பார்க்கச் சோம்பல். தாயும் மருத்துவர்களும் குழந்தையை நினைத்துத்தான் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை நீக்க வேண்டியது ஸ்கேன் அறையில் இருந்த நான்.

இந்த முறை மிகைப்படுத்தலில் கொண்டுபோய் விடாதா என்று என்னிடம் படிக்கும் ரெசிடென்ட்கள் கேட்பதுண்டு. எல்லாவற்றையும் பத்தில் ஆறு என்று எழுதினால் விடும். எண் போட ஆரம்பித்த பிறகு அது கீழேயும் இறங்கும் என்பதைக் கண்டேன். சில மாதம் கழித்து ஒரு 19 வயதுப் பையன் வந்தான். இரண்டு நாளாக வாந்தி பேதி, அதோடு தலைவலி. சைனஸ் எல்லாமே வெளுத்திருந்தது, 75. பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தமனிகளும் கூடவே வெளுப்பு. ஹீமட்டோக்ரிட் 53. வகுத்தால் 1.42. குறிப்பில் எழுதினேன்: "பத்தில் ஒன்று. நீர் ஏற்றுகிறார்கள். பகல் 12க்குள் தலைவலி குறையாவிட்டாலோ, பார்வை மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ வெனோகிராம். ப்ளெயின் சிடியை வைத்து அடைப்பு இல்லை என்று சொல்ல முடியாது. 12 மணிக்கு வார்டைக் கேட்க வேண்டியது காலை ரெசிடென்ட்." இதுவும் ஒருவிதத்தில் "தேவைப்பட்டால்"தான். ஆனால் தேவை எது, எப்போது, யார் பார்ப்பது என்பது அதில் இருந்தது. 12:10க்கு அந்த வரியின் கீழே வேறு கையெழுத்தில் ஒரு பதில் இருந்தது: "தலைவலி போய்விட்டது, சாப்பிடுகிறான், வெனோகிராம் வேண்டாம்."

அந்தப் பெண் மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். அன்று பகல் டியூட்டியில் நான் இருந்தேன். சைனஸ் பாதிக்கு மேல் திறந்து, அதன் வழியே மருந்து ஓடுவது தெரிந்தது. கையிலிருந்த ஊசியைக் கழற்றும்போது, வெளியே குழந்தையோடு காத்திருந்த அம்மாவை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "இந்த மருந்து போட்டிருக்கே, எத்தனை மணி நேரம் கழிச்சுப் பால் குடுக்கணும்?"

"இப்பவே குடுக்கலாம்மா" என்றேன்.